சத்து மாத்திரையும் சுண்ணாம்பு மாத்திரையும் ஒட்டுக்கா போடாதீங்க

காங்கயம் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக இருக்கிறேன். போன வாரம் புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருவர், மாசமாக இருந்த ஒரு பெண்ணிடம் சிவப்பு அட்டையையும் வெள்ளை அட்டையையும் சேர்த்துக் கொடுத்து, "ராத்திரி சாப்பிட்டதும் போட்டுக்கோங்க்கா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வேலைக்கு வந்த புதிதில் நானும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாத்திரையை மறந்துவிடுவது, அட்டையைப் பரணில் போட்டுவிடுவது இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டையும் ஒரே முழுங்கில் போடுவது

சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன. நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று. வெள்ளை மாத்திரை சுண்ணாம்பு, அதாவது கால்சியம், தினம் இரண்டு வேளை, சாப்பாட்டோடு. இரண்டும் ஒரே நேரத்தில் குடலுக்குப் போனால் கால்சியம் இரும்பைச் சரியாக உள்ளே விடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நாங்கள் இரண்டு அட்டையையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கிறோம். வாங்குகிறவர்கள் ஒரே வேளையில் போடுகிறார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை.

பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த ஒரு பெண்ணின் கதை இன்னும் மனதை உறுத்துகிறது. நாலாம் மாதம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 11.1. ஏழாம் மாதம் 9.6. கர்ப்பத்தில் ரத்தத்தில் நீர் கூடுவதால் கொஞ்சம் இறங்குவது சகஜம்தான், ஆனால் 11க்குக் கீழே போனால் அது ரத்தசோகைக் கணக்கு. மாத்திரையே போடவில்லை என்று நினைத்து, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அந்தப் பெண் காலி அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை.

"மலமெல்லாம் கறுப்பாத்தானுங் நர்சம்மா போகுது, அப்ப மாத்திரை வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?" என்றார். இல்லை. உடம்பில் சேராத இரும்பு வெளியே போவதால்தான் கறுப்பு. மாத்திரை வயிற்றுக்குள் போனதற்கு அது அத்தாட்சி, ரத்தத்தில் ஏறியதற்கு அல்ல.

அப்புறம்தான் உட்கார்ந்து ஒரு நாளை முழுசாகக் கேட்டேன். காலையில் டீயோடு ஒரு வெள்ளை. கம்பெனியில் பதினொரு மணிக்கு டீ, நாலு மணிக்கு டீ. ஓவர்டைம் முடிந்து வீட்டுக்கு வந்து ஒன்பது மணிக்குச் சாப்பாடு, கடைசியில் தயிர். உடனே ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. மாமியார் ஆசையாகக் காய்ச்சி வைத்திருக்கும் ஒரு டம்ளர் பால். குடித்ததும் படுக்கை. இரும்புக்கு நாள் முழுக்க இருந்த ஒரே வாய்ப்பு அந்த ஒரு வேளைதான். அதிலும் சுண்ணாம்பு மாத்திரை, தயிர், பால் மூன்றும் சேர்ந்து வழியை மறித்து நின்றன. மூன்று மாதம் இப்படியே.

டாக்டர் சிவப்பு மாத்திரையை இரண்டாக்கினார். நேரத்தை நாங்கள் மாற்றினோம். வெள்ளை ஒன்று காலை டிபனோடு, இன்னொன்று மத்தியான டப்பாச் சாப்பாட்டோடு. பால் காலைக்குப் போனது. ஓவர்டைமை விடச் சொன்னோம், விட்டுவிட்டார். சிவப்பில் ஒன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு, டீக்குப் பதில் எலுமிச்சைச் சாறோடு. எட்டு மணிக்கு ரசம் சோறு. பத்து மணிக்கு இரண்டாவது சிவப்பு. நாலு வாரம் கழித்து 10.5. ஒன்பதாம் மாதம் 11.2. மாத்திரை இரண்டானதும் இதற்கு ஒரு காரணம், எல்லாவற்றையும் இடைவெளியின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணைத் திட்டியது என் தப்பு. நேரத்தை ஒருநாளும் கேட்காதது அதைவிடப் பெரிய தப்பு.

இரண்டு மாத்திரை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சரியாகப் போட்டும் ஹீமோகுளோபின் மாதத்துக்கு ஒரு கிராம் அளவுக்கு ஏறவில்லை என்றால் வேறு காரணம் இருக்கலாம். அதையும் அவர்தான் பார்க்க வேண்டும்.

குமட்டுகிறது என்று நிறுத்திவிடுவது

இரும்பு வயிற்றைக் கொஞ்சம் கிளறும். காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அடுப்படியில் தாளிக்கும் வாசனையில் நின்றால் ஓங்கரிக்காமல் என்ன செய்யும்? அதனால்தான் படுக்கும் நேரத்துக்கு மாற்றச் சொல்கிறோம். குமட்டல் வரும் நேரத்தில் பெரும்பாலும் தூக்கம் வந்துவிடும்.

ஆனால் "படுக்கும்போது" என்றால் படுத்துக்கொண்டே அல்ல. இதையும் நான் தெளிவாகச் சொல்லாமல் விட்டதுண்டு. ஒரு பெண் பாயில் சாய்ந்தபடியே ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, நெஞ்சு கரிப்பதாக வந்து நின்றார். எட்டு மணிக்குள் சாப்பாடு முடியட்டும். ஒன்பதரை, பத்துக்கு உட்கார்ந்து ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு முழுசாக விழுங்குங்கள், கடிக்க வேண்டாம். ஒரு துண்டு கொய்யாவோ அரை நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். அரை மணி நேரம் நிமிர்ந்து இருந்துவிட்டுப் படுங்கள்.

அப்படியும் குமட்டினால் ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு போட்டுக்கொள்ளலாம். அன்றைக்குக் கடைசிச் சோறு தயிருக்குப் பதில் ரசமாக இருக்கட்டும். சாப்பாட்டோடு போட்டால் கொஞ்சம் குறைவாகத்தான் சேரும். அடியோடு நிறுத்துவதற்கு அது எவ்வளவோ மேல். அதற்கும் அடங்காமல் வாந்தி எடுத்தால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள், வந்து சொல்லுங்கள்.

முதல் மூன்று மாத மசக்கை வாந்திக்குச் சிவப்பு மாத்திரை மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. அப்போது கொடுப்பது போலிக் அமிலம் மட்டும்தான். சிவப்பு இன்னும் ஆரம்பித்தே இருக்காது.

ராத்திரிப் பால்

மாமியார்களிடம் பாலை நிறுத்து என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். நான் நிறுத்தச் சொல்வதில்லை, "பொழுதோட அஞ்சு மணிக்குக் குடுங்கம்மிணி" என்பேன்.

நெஞ்செரிச்சல் மருந்து

இதுவும் இரும்பைத் தடுக்கும். மருந்துக்கடையில் வாங்கி ராத்திரி குடிப்பவர்கள் எங்களிடம் சொல்வதே இல்லை.

தைராய்டு மாத்திரை

விடிகாலையில் வெறும் வயிற்றில் அது. இரும்பும் சுண்ணாம்பும் நாலு மணி நேரம் தள்ளியே.

வீட்டில் குழந்தை இருந்தால்

சிவப்பு மாத்திரை மிட்டாய் மாதிரி இருக்கும். நாலைந்து விழுங்கினாலே ஆபத்து. எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அட்டையைப் பார்த்து நேரம் தெரியாமல் இருப்பது

இப்போதெல்லாம் பையில் ஒரு மார்க்கர் வைத்திருக்கிறேன். வெள்ளை அட்டையின் முதுகில் சூரியன், சிவப்பில் பிறை நிலா. புதிதாக வந்த அந்தப் பெண்ணுக்கும் ஒரு மார்க்கர் வாங்கிக் கொடுத்தேன். நிலாவைத் தோசை மாதிரி வரைகிறார், பரவாயில்லை.