நான்காவது கிலோமீட்டரில் வந்த தோள்வலி

திருவொற்றியூர்க் கடலோரத்தில் பந்தயச் சக்கர நாற்காலியில் பயிற்சி தொடங்கிய முதல் மாதம், நான்காவது கிலோமீட்டரில் என் வலத் தோளின் முன்பக்கம் குத்தத் தொடங்கிவிடும். அன்றாடச் சக்கர நாற்காலியைப் போலவே, சக்கரத்தின் வெளிப்பக்கம் இருக்கும் தள்ளுவளையத்தைப் பிடித்துத் தள்ளியதுதான் காரணம். பந்தய வளையத்தை விரல்களால் பிடிக்கக் கூடாது. வலச் சக்கரத்தைப் பக்கவாட்டில் கடிகாரமாகப் பார்த்தால், ஒரு மணி இருக்கும் இடத்தில் கையுறையின் கட்டைவிரல் பக்கத்தால் குத்தி, ஏறக்குறைய ஏழு மணி வரை அழுத்திச் சென்று விட்டுவிட வேண்டும். என் கையுறையின் ரப்பர் தேய்ந்து வழுக்கியதால்தான் நான் தேவைக்கு மேல் அழுத்தியிருக்கிறேன் என்பது புது ரப்பர் ஒட்டிய பிறகே புரிந்தது. கடற்காற்று எதிர்த்த நாள்களில் வேகத்தைப் பார்க்காமல், ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற மூச்சளவிலேயே தள்ளினேன். தள்ளுதல் மார்புத் தசையை வலுவாக்கித் தோளை முன்னுக்கு இழுப்பதால், தூரத்தை இரண்டு கிலோமீட்டராகக் குறைத்து, வாரம் மூன்று நாள் ரப்பர் பட்டையைப் பின்னோக்கி இழுத்துப் பழகினேன். ஆறாவது வாரம் ஐந்து கிலோமீட்டரை வலியின்றி முடித்தேன்.