‘ஸ்டாக் வந்துவிட்டது’ என்று மட்டும் எழுதினால் போதாது

பர்மாவில் பெகு பக்கம் மே கடைசியில் முதல் மழை இறங்கினதும் எங்கள் விதை, உரக் கடையில் பலகை எழுதுகிற வேலை தொடங்கிவிடும். வாசலில் ஒரு பலகை, கைப்பேசியில் படத்தோடு இரண்டு வரி. பர்மிய மொழியில் முதலாளி எழுதுவார். தமிழ் ஆட்களுக்காக நான் எழுதுவேன். ஆரம்பத்தில் நான் எழுதின வரி இதுதான்: ‘விதை நெல், உரம், மருந்து எல்லாம் வந்துவிட்டது. ஸ்டாக் உள்ளவரை மட்டும்.’ பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வரியிலேயே மூன்று தவறுகள் இருந்தன.

முதலில் விதை. ‘விதை நெல் வந்துவிட்டது’ என்றால் எந்த ரகம், எந்த மூட்டை, முளைப்பு எவ்வளவு என்று ஒன்றுமே தெரியாது. ஒரு வருஷம் ஒரே ரகம் இரண்டு இடத்திலிருந்து வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒன்று கூடைக்குக் கொஞ்சம் மலிவு. வருகிறவர்கள் எல்லாம் மலிவைத்தான் கேட்டார்கள். சந்தேகம் வந்து இரண்டிலும் முளைப்பு பார்த்தோம். மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்தும் நெல் எடுத்துக் கலக்கி, அதில் கண்ணை மூடிக்கொண்டு 100 மணி எண்ண வேண்டும். நல்ல மணியாகப் பொறுக்கக் கூடாது. ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி நிழலில் வைத்து, காயாமல் தண்ணீர் தெளித்துவர வேண்டும். ஏழாம் நாள் பிரித்து, வேரும் குருத்தும் இரண்டும் வந்ததை மட்டும் எண்ண வேண்டும். வேர் மட்டும் எட்டிப் பார்க்கிறதைக் கணக்கில் சேர்த்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

ஒன்றில் 86 வந்தது, மலிவானதில் 62. இதைக் கூடைக் கணக்காக்கிப் பார்த்தால்தான் உறைக்கும். வீசி விதைக்கிறவர் ஏக்கருக்கு 2 கூடை போடுகிறார் என்றால், 86 முளைக்கிற விதையில் கிடைக்கிற பயிரை 62-இல் பெற 2 முக்கால் கூடைக்கு மேல் வேண்டும். ஐந்து ஏக்கர்காரருக்கு 10 கூடை போதும் என்கிற இடத்தில் ஏறக்குறைய 14 கூடை. அப்புறம் மலிவு எங்கே? அதோடு, முளைப்பு அவ்வளவு குறைந்த விதையில் முளைத்ததும் ஒரே சீராக வராது. சிலது முந்தும், சிலது பிந்தும், பிந்தினதைக் களை அமுக்கிவிடும். கூடையைக் கூட்டிப் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. முளைப்பு 62 வந்த மூட்டைகளை மில்லுக்கே அனுப்பினோம். 80-க்குக் கீழே இருந்தால் விதை என்று விற்பதில்லை என்று அன்றைக்கு முடிவானது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். குறைவாக முளைத்தால் உடனே விதை செத்தது என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள். கோடை நெல்லை ஏப்ரல், மே மாதத்தில் அறுத்து ஜூனிலேயே விதைக்கிறோம். சில ரகத்துக்கு அறுத்த பிறகு சில வாரம் உறக்கம் உண்டு. முளைக்காத மணியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, பூஞ்சை இல்லாமல் இருந்தால் தூங்குகிறது. இரண்டு வாரம் விட்டு மறுபடி பார்க்கலாம். குழைந்து நாறினால் போனதுதான். அதனால்தான் பலகையில் முளைப்பு எண்ணோடு, பார்த்த தேதியையும் எழுத வேண்டும். மழைக்காலத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் அடுக்கின விதை மூட்டை ஈரம் வாங்கிவிடும். போன மாதத்து எண் இந்த மாதம் பொய்யாகலாம்.

அடுத்தது உரம். ‘உரம் 50 கிலோ மூட்டை’ என்று எழுதுவது பாதி உண்மை. 50 கிலோ யூரியாவில் தழைச்சத்து 23 கிலோ. அதே 50 கிலோ 15-15-15 கலப்பு உரத்தில் தழைச்சத்து ஏழரை கிலோதான். மற்றதில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் ஏழரை ஏழரை. யூரியா மூட்டை விலை ஏறின வருஷம் எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவர், ‘அதுவும் உரம், இதுவும் உரம்’ என்று மேலுரத்துக்குக் கலப்பையே மூட்டைக்கு மூட்டை மாற்றிப் போட்டார். மூன்றாவது வாரம் வந்து, அடி இலையெல்லாம் மஞ்சளாகிறது, பூச்சி மருந்து கொடுங்கள் என்றார். முதிர்ந்த அடி இலையிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தால் முதலில் தழைச்சத்துக் குறைவைத்தான் சந்தேகப்பட வேண்டும். மூட்டையில் அச்சடித்திருக்கிற மூன்று எண்களைப் பலகையிலும் போட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. எது அடியுரம், எது மேலுரம் என்றும் ஒரு சொல் சேர்க்கலாம். யூரியாவை விதைக்கிற அன்றே கொட்டினால் அதை எடுக்க வேர் இருக்காது. பாதி காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும்.

அளவை வீசையில் எழுதாதீர்கள் என்றும் சொல்வேன். இங்கத்து வீசை 1.63 கிலோ. ஊரில் தாத்தாக்கள் சொன்ன பழைய வீசை சுமார் 1.4 கிலோ. பெயர் நம்முடையது, எடை அவர்களுடையது. கிலோ போட்டால் சண்டை இல்லை.

கடைசியில் வருவதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. ‘மருந்து’ என்கிற சொல். தமிழில் காய்ச்சலுக்கும் மருந்து, பூச்சிக்கும் மருந்து. பர்மிய மொழியிலும் இரண்டுக்கும் ‘ஸே’தான். ஒரு வருஷம் ‘மருந்து கலந்த விதை, பூச்சி அண்டாது’ என்று பெருமையாக எழுதினேன். விதைத்து மிஞ்சின அரைக் கூடையை ஒரு சின்னம்மா கழுவிக் காயவைத்துக் கோழிக்குப் போட்டிருந்தார். ஆறு கோழி செத்தது. ‘மருந்துதானே தம்பி, கழுவினால் போய்விடும் என்று நினைத்தேன்’ என்றார். அவர் குற்றம் இல்லை. அந்த விதையில் சிவப்புச் சாயம் போடுவதே இது தின்கிற நெல் அல்ல என்று காட்டத்தான். சாயம் கழுவினால் வெளுக்கும், நஞ்சு உமியிலேயே இருக்கும். அதைச் சொல்ல வேண்டிய பலகையில் நான் ‘மருந்து’ என்று எழுதி மறைத்துவிட்டேன். இப்போது ‘விஷம் பூசிய விதை’ என்றே எழுதுகிறேன். முதலாளி முதலில் முகம் சுளித்தார், வியாபாரம் போகும் என்றார். ஒன்றும் போகவில்லை.

தெளிக்கிற பூச்சிக்கொல்லிக்கும் அதே கதைதான். பாட்டிலைப் பிரித்துப் பானம் வந்த பாட்டிலில் கொஞ்சமாக ஊற்றி விற்கிற பழக்கம் சில கடைகளில் உண்டு. அப்படி விற்பதும் வாங்குவதும் வேண்டாம். லேபிளில் தாய் எழுத்தோ சீன எழுத்தோ மட்டும் இருந்தால், அளவு தெரியாமல் கலக்கப் போகிறோம் என்று பொருள். லேபிளின் அடியில் சிவப்புப் பட்டை கண்டால் கடும் நஞ்சு. பல்லால் மூடியைக் கடித்துத் திறக்கிற ஆட்களை இன்னும் பார்க்கிறேன். காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றி, பாட்டிலைக் குத்தி ஓட்டையாக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் அதில் கடலை எண்ணெய் இருக்கும்.

இப்போது நான் எழுதுகிற பலகை இப்படி இருக்கும்:

‘ஜூன் 3 காலை நிலவரம். சின்துகா விதை நெல், இந்த வருஷக் கோடை அறுப்பு, முளைப்பு 86 (மே 28-இல் பார்த்தது), 40 கூடை இருக்கிறது. சிவப்புச் சாயம் போட்டது விஷம் பூசிய விதை: சமைக்க, கோழிக்குப் போட, மில்லுக்கு அனுப்பக் கூடாது. கையுறை போட்டு விதைக்கவும், மிஞ்சினதைப் பூட்டி வைக்கவும். யூரியா 46-0-0, 50 கிலோ, மேலுரம், 25 மூட்டை. கலப்பு 15-15-15, 50 கிலோ, அடியுரம், 60 மூட்டை.’

நீளம்தான். ‘ஸ்டாக் உள்ளவரை’ என்கிற வரியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் சாயங்காலம் கடை சாத்தும்போது மிச்ச எண்ணிக்கையைத் திருத்தி எழுதுகிறேன். பியூவிலிருந்து பஸ் ஏறி வந்து ‘தீர்ந்துவிட்டது’ என்று கேட்டுவிட்டுத் திரும்பினவர் ஒருவர் அன்றைக்கு என்னைத் திட்டின திட்டு அப்படி.