கண் வெள்ளையில் ரத்தத் திட்டு: பதறிப்போய் செய்யும் தவறுகள்

கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் அத்தை ஒருவருக்கு ஒரு வாரமாக வறட்டு இருமல். ஒருநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தால், வலது கண்ணின் வெள்ளையில் மூக்கை ஒட்டிக் குங்குமம் கொட்டினதுபோல் சிவப்பு. வலி இல்லை, பீளை இல்லை, பார்வையும் தெளிவு. "மெட்ராஸ் ஐ" என்று சொல்லி மகன் மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி வந்துவிட்டான்.

முதல் தவறு இதுதான். மெட்ராஸ் ஐயில் கண் முழுக்கச் சிவக்கும், உறுத்தும், நீர் வடியும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். இங்கே ஓர் இடத்தில் மட்டும் அடர்சிவப்பு, மீதி வெள்ளை. இருமல், தும்மல், வாந்தி, மலச்சிக்கலில் முக்குவது, கண்ணைக் கசக்குவது என ஏதோ ஒன்றில் மெல்லிய ரத்தக்குழாய் உடைந்து, வெள்ளையை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற சவ்வுக்கு அடியில் ரத்தம் தங்கிவிடுகிறது. எந்தச் சொட்டு மருந்தும் அதைக் கரைக்காது. கடையில் கேட்காமலே தரும் மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், தொடர்ந்து விடும்போது கண்ணழுத்தம் ஏறலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எல்லாம் கிருமியைத்தான் உள்ளே கொண்டுபோகும்.

இரண்டாம் நாள் திட்டு இன்னும் பெரிதாகத் தெரிந்ததும் அத்தை பயந்துவிட்டார். உள்ளே கிடக்கும் ரத்தம் பரவுவதால் அப்படி ஆவதுண்டு. அப்புறம் மஞ்சளாகி, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். பெரிய திட்டென்றால் மூன்று வாரம்கூட ஆகலாம்.

பயத்தில் அவர் இதயத்துக்குப் போட்டுவந்த ஆஸ்பிரினை நிறுத்தப் பார்த்தார். அது கண்ணில் உள்ள திட்டைவிடப் பெரிய ஆபத்து. டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் ரத்தம் உறையும் அளவைச் சீக்கிரம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

குடும்ப ஆரோக்கிய கேந்திரத்தில் அவருக்கு பிரஷர் பார்த்தபோது 170/100. மாத்திரை தீர்ந்து பல நாளாகியிருந்தது. சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதை யோசிக்கவே இல்லை. நாற்பது தாண்டியவர்கள் இந்தத் திட்டு வந்தால் பிரஷர் பார்த்துவிடுவது நல்லது. அடிக்கடி வந்தாலோ, ஈறில் ரத்தம், உடலில் காரணமில்லாத நீலத் தழும்பு சேர்ந்து வந்தாலோ ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

அடிபட்டு வந்த திட்டு வேறு சங்கதி. இரும்பைச் சுத்தியால் அடிக்கும்போதோ, கிரைண்டிங் செய்யும்போதோ தெறித்த சிறு துண்டு கண்ணைத் துளைத்திருக்கலாம். அந்த ஓட்டையை ரத்தமே மறைத்துவிடும். தலையில் அடிபட்டு, திட்டின் பின்விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாவிட்டால் எலும்பு முறிவும் இருக்கலாம். வலி, மங்கல், வெளிச்சம் கூசுதல், கருவிழிக்குள் ரத்தம் தேங்கியது என எது இருந்தாலும் கண்ணை அழுத்தாமல், கழுவாமல், உள்ளே குத்தி நிற்பதைப் பிடுங்காமல், அன்றே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.