வேறு நாட்டு நேரத்தில் நடக்கும் ஆன்லைன் தேர்வுக்கு ஸ்லாட் எடுப்பது எப்படி?

பிப்ரவரி 20ஆம் தேதி உட்கார்ந்து, மார்ச் 9ஆம் தேதி நடக்கும் ஒரு தேர்வுக்கு ஸ்லாட் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வை நடத்துகிறவர்கள் நியூயார்க் நேரப்படி இயங்குகிறவர்கள். நீங்கள் இந்திய நேரத்தில் இருக்கிறீர்கள் (இலங்கைக்கும் அதே நேரம்தான்). கேமரா வழியாக ஒருவர் கண்காணிக்கும் மூன்று மணி நேரத் தேர்வு. திரையில் வருவது இது:

```
Mon, 9 Mar 2026
9:00 AM   12:00 PM   3:00 PM   6:00 PM   10:00 PM
```

ஐந்தில் ஒன்றைத் தொட்டால் வேலை முடிந்துவிடும்போலத்தான் இருக்கிறது. இந்த ஒரு பட்டியலையே கடைசிவரை கூட வைத்துக்கொண்டு போவோம்.

படி 1: இது யாருடைய நேரம்?

ஸ்லாட் பக்கங்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, நடத்துகிறவர்களின் நேரத்தை அப்படியே காட்டும். இன்னொன்று, உங்கள் நேரத்துக்கு மாற்றிவிட்டே காட்டும். இரண்டாவது ரகத்தை முதல் ரகம் என்று நினைத்து நீங்கள் இன்னொரு தடவை மாற்றினால் ஏறக்குறைய பத்து மணி நேரம் தள்ளிப் போய் நிற்பீர்கள். ஆகவே கணக்கைத் தொடங்கும் முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பட்டியலுக்கு மேலேயோ கீழேயோ சின்ன எழுத்தில் `ET`, `New York`, `Your local time` என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் நிமிடங்களைப் பாருங்கள். எல்லா ஊர் நேரங்களையும் ஒப்பிட உலகம் முழுக்கப் பொதுவாக வைத்திருக்கும் நேரம் UTC. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அந்த அரை மணி நேரம் நமக்கு ஒரு நல்ல துப்பு. நியூயார்க்கில் முழு மணிக்குத் தொடங்கும் ஸ்லாட்கள் நம் நேரத்துக்கு மாறினால் எல்லாமே 30-ல் முடியும்: 6:30, 9:30, 12:30. மேலே உள்ள பட்டியலில் எல்லாமே முழு மணியில் நிற்கின்றன. அதனால் இது மாற்றப்படாத நியூயார்க் நேரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அரை மணிக்கு ஒரு ஸ்லாட் வைக்கும் தேர்வுகளில் இந்தத் துப்பு உதவாது. சிங்கப்பூர் போல முழு மணி வித்தியாசமுள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கும் இது செல்லாது.

சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. உங்கள் கணக்கின் ப்ரொஃபைலில் `Time zone` என்ற இடம் இருந்தால், அதை வேறொரு ஊருக்கு மாற்றிவிட்டு ஸ்லாட் பக்கத்தை மறுபடி திறங்கள். பட்டியல் மாறினால் அது மாற்றிக் காட்டும் ரகம். பார்த்ததும் உங்கள் ஊரைத் திரும்ப வைத்துவிடுங்கள். அப்படியே, அங்கே ஏற்கெனவே என்ன ஊர் இருந்தது என்பதையும் கவனியுங்கள். மூன்று வருடம் முன்பு வேறு நாட்டில் இருந்தபோது திறந்த கணக்கு என்றால், பழைய ஊர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

நம் பட்டியலில் அடியில் `ET` என்று இருந்தது. அது அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் நேரம். சரி, நியூயார்க் நேரம்தான்.

படி 2: வித்தியாசத்தைத் தேர்வு நாளுக்குப் பாருங்கள், இன்றைக்கு அல்ல

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். மொபைலில் உலகக் கடிகாரத்தைத் திறந்து நியூயார்க்கைச் சேர்க்கிறார்கள். பத்தரை மணி நேரம் பின்னால் என்று காட்டுகிறது. அதை எல்லா ஸ்லாட்டோடும் கூட்டிக்கொள்கிறார்கள். மொபைல் பொய் சொல்லவில்லை; இன்றைய வித்தியாசத்தைச் சொல்கிறது. தேர்வு இன்றைக்கு இல்லையே!

அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே கொண்டுவருவார்கள். 2026-ல் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு 8ஆம் தேதி. நம் தேர்வு 9ஆம் தேதி, அதாவது மறுநாளே. நியூயார்க் நேரம் அதுவரை UTC-5, அன்று UTC-4.

நேரடியாகக் கழித்துக் கூட்டாமல் UTC வழியாகப் போவதுதான் எனக்குப் பிடித்த முறை. ஒரு வரி கூடுதல், ஆனால் குழப்பம் கிடையாது:

```
நியூயார்க் 09:00 + 4:00 = 13:00 UTC
13:00 UTC + 5:30 = 18:30 இந்திய நேரம்
```

ஆக, காலை 9 மணி ஸ்லாட் நமக்கு மாலை 6:30. பிப்ரவரி வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டவர் 7:30 என்று எழுதி வைத்திருப்பார். 7:15-க்கு நிதானமாக லாகின் செய்யும்போது தேர்வு தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கண்காணிப்பு உள்ள தேர்வுகளில் அவ்வளவு தாமதமாக வருபவரைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள்.

நவம்பரில் இதே தப்பைச் செய்தால் ஒன்றும் ஆகாது, ஒரு மணி நேரம் முன்னதாக வந்து காத்திருப்பீர்கள், அவ்வளவுதான். அவர்கள் கடிகாரம் முன்னே போகும் மாதங்களில்தான் ஆபத்து. சிட்னியில் அது அக்டோபர் முதல் ஞாயிறு. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. லண்டனில் இருந்துகொண்டு நியூயார்க் தேர்வு எழுதுகிறவருக்கு இதில் இன்னொரு கூத்து: இரண்டு ஊர்களும் வேறு வேறு ஞாயிறுகளில் மாறுவதால், 2026 மார்ச் 8-லிருந்து 29 வரை வழக்கமான ஐந்து மணி நேர வித்தியாசம் நான்காகிவிடும்.

சுருக்கெழுத்துகளை நம்பாதீர்கள். `EST` என்பது கறாராகப் பார்த்தால் நியூயார்க்கின் குளிர்கால நேரமான UTC-5 மட்டும்தான், ஆனால் கோடையிலும் பழக்கத்தில் அதையே எழுதுகிறார்கள். `IST` இந்தியாவுக்கும் அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் பொது. `CST` அமெரிக்காவின் நடுப்பகுதியாகவும் இருக்கலாம், சீனாவாகவும் இருக்கலாம். ஊர்ப் பெயர் எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: தேதியையும் மாற்றுங்கள்

ஐந்து ஸ்லாட்டையும் மாற்றினால் இப்படி வரும்:

```
09:00 → திங்கள்   9 மார்ச்,  மாலை 6:30
12:00 → திங்கள்   9 மார்ச்,  இரவு 9:30
15:00 → செவ்வாய் 10 மார்ச், 12:30 AM
18:00 → செவ்வாய் 10 மார்ச், 3:30 AM
22:00 → செவ்வாய் 10 மார்ச், காலை 7:30
```

மூன்றாவது வரியைப் பாருங்கள். நம் பேச்சில் அது "திங்கட்கிழமை ராத்திரி பன்னிரண்டரை". தூங்கி எழுந்தால்தான் நமக்கு மறுநாள். கம்ப்யூட்டருக்கோ பன்னிரண்டு அடித்ததுமே செவ்வாய். மெயிலில் `Tue, 10 Mar, 12:30 AM` என்று வந்ததைப் படித்துவிட்டு, செவ்வாய் பகல் முழுக்கப் படித்து, செவ்வாய் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாற்காலியில் உட்காருகிறவர்கள் உண்டு. நானே ஒருமுறை அப்படி உட்கார்ந்தவன். "உங்கள் தேர்வு நேரம் முடிந்தது" என்று திரையில் வந்ததும் சர்வர் கோளாறு என்று நினைத்து மூன்று தடவை ரிஃப்ரெஷ் செய்தேன். கோளாறு என்னிடம்தான். இருபத்து நான்கு மணி நேரம் தாமதம், கட்டிய பணமும் போயிற்று.

அன்றிலிருந்து நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்தை நான் இப்படித்தான் எழுதுகிறேன்: "9 திங்கள் முடிந்து 10 செவ்வாய் பிறக்கும் ராத்திரி, 00:30". நீளம்தான், ஆனால் இரண்டு அர்த்தம் வராது.

படி 4: இனி தேர்ந்தெடுங்கள்

அதிகாலை 3:30-ஐ முதலில் அடித்துவிடுங்கள். "ஒரு நாள்தானே, முழித்துக்கொள்ளலாம்" என்று தோன்றும். முழித்திருக்கலாம். ஆனால் உடம்பு மிகவும் மந்தமாக இருக்கும் நேரம் அது. ஒரே ராத்திரியில் தூக்கத்தை மாற்றி அமைக்கவும் முடியாது. 12:30-க்கும் இதே கதைதான், ஏனென்றால் அது முடிய 3:30 ஆகும்.

மிச்சம் மூன்று. 9:30 ஸ்லாட்டில் கடைசிக் கேள்வியைப் பார்க்கும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். பதினொரு மணிக்கே கண் சொருகுகிறவர் இதைத் தொட வேண்டாம். காலை 7:30 கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அடையாள அட்டை காட்டுவது, அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டுவது என்று பல தேர்வுகளில் அரை மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்வார்கள். அதாவது ஏழு மணிக்கே தலை தெளிந்திருக்க வேண்டும். இன்னொன்று, அப்போது நியூயார்க்கில் ராத்திரி பத்து. கேமரா வேலை செய்யவில்லை என்றால் உதவிக்கு ஆள் கிடைப்பாரா? அவர்கள் உதவி எண் எந்த நேரம்வரை இயங்கும் என்று பக்கத்தில் போட்டிருந்தால் அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் என்றால் மாலை 6:30. நமக்கு விழிப்பான நேரம், அவர்களுக்கு அலுவலகம் திறக்கும் நேரம். அதிகாலைப் பறவைகள் 7:30-க்குப் போகட்டும்.

கடைசித் தேதி இருந்தால் அது அநேகமாக அவர்கள் நாட்காட்டிப்படிதான். "9ஆம் தேதிக்குள் எழுத வேண்டும்" என்று இருக்கும்போது, நமக்கு 10ஆம் தேதி காலையில் வரும் ஸ்லாட் தாமதம் இல்லை. அங்கே அது இன்னும் 9ஆம் தேதி இரவுதான்.

படி 5: புக் செய்த பிறகு ஒரு சோதனை

உறுதி மெயிலோடு காலண்டரில் சேர்ப்பதற்கான `.ics` கோப்பு வந்தால் நல்ல காலம். அதை நோட்பேடில் திறந்து, தொடங்கும் நேரத்தைச் சொல்லும் `DTSTART` வரியைத் தேடுங்கள்:

```
DTSTART:20260309T130000Z
```

கடைசியில் இருக்கும் Z, இது UTC என்பதற்கான அடையாளம். 13:00 UTC. நாம் போட்ட கணக்கும் அதே. Z-க்குப் பதில் `TZID=America/New_York` என்று இருந்தால், அதில் உள்ள நேரம் நியூயார்க் நேரம், அங்கே 090000 என்று இருக்க வேண்டும்.

கோப்பு வரவில்லையென்றால் கூகுள் காலண்டரில் புது நிகழ்வு ஒன்றைத் திறந்து, அதன் `Time zone`-ஐ நியூயார்க்குக்கு வைத்து, மார்ச் 9 காலை 9 மணி என்று போடுங்கள். சேமித்ததும் உங்கள் நேரத்தில் மாலை 6:30-ல் போய் உட்கார வேண்டும். கடிகார மாற்றத்தை அது தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

கணக்கும் காலண்டரும் ஒத்துப்போகாவிட்டால், நடத்துகிறவர்களுக்கு மெயில் எழுதுங்கள். "என் தேர்வு எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் பழையபடி `9 AM EST` என்றே பதில் வரும். "என் தேர்வு மார்ச் 9, 13:00 UTC-க்குத்தானே?" என்று கேளுங்கள். ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும்தான் அவர்களால் சொல்ல முடியும்.