மின்கம்பியை அழிக்கும்போது கூரை விளிம்பைக் கோணலாக்கும் தவறுகள்

கானாடுகாத்தான் போன்ற செட்டிநாட்டு ஊரின் வீதியைப் படமெடுத்தால் வீட்டின் கைப்பிடிச்சுவர், ஓட்டுக் கூரை, தெருமுனை மின்கம்பம் ஆகிய மூன்றுக்கும் குறுக்கே நான்கைந்து கம்பிகள் ஓடியே தீரும். போட்டோஷாப்பில் வானத்தின் மேல் செல்லும் கம்பியை அழிப்பது எளிது. கம்பி கூரை விளிம்பைக் கடக்கும் இடத்தில்தான் வேலை கெடுகிறது. பார்ப்பவருக்கு அழித்த கம்பி தெரியாவிட்டாலும், நெளிந்துபோன சுவர் உடனே கண்ணில் படும்.

முதல் தவறு, ஹீலிங் பிரஷ்ஷை விளிம்பின் குறுக்கே ஒரே இழுப்பாக இழுப்பது. அந்தக் கருவி மாதிரி எடுத்த இடத்தின் இழையமைப்பை மட்டுமே கொண்டுவந்து, நிறத்தையும் வெளிச்சத்தையும் தீட்டப்படும் இடத்தின் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக் கலக்கிறது. விளிம்பில் அந்தச் சுற்றுப்புறம் பாதி வானமாகவும் பாதி சுவராகவும் இருப்பதால், சுவரின் கருமை வானத்துக்குள் புகைபோலக் கசிகிறது. ஆகவே விளிம்பைக் கடக்கும் இடத்தை, பிக்சல்களை உள்ளபடியே நகலெடுக்கும் குளோன் ஸ்டாம்ப்பால் முதலில் சரிசெய்துவிட வேண்டும். அங்கே கம்பி துண்டானபின் வானப் பகுதியையும் சுவர்ப் பகுதியையும் தனித்தனியாக ஹீலிங் பிரஷ்ஷால் அழிக்கலாம். அப்போதும் விளிம்புக்கு ஒரு பிரஷ் அகலம் முன்பே நிறுத்திக்கொள்வது நல்லது.

கடக்கும் கோணத்தைக் கவனிக்காமல் விடுவதும் பலர் செய்வது. 6 பிக்சல் தடிமனுள்ள கம்பி, விளிம்பை 30 டிகிரியில் வெட்டினால் விளிம்பின் 12 பிக்சல் நீளம் மட்டுமே மறைகிறது. அதே கம்பி 5 டிகிரியில் ஏறக்குறைய உரசிக்கொண்டு போனால் சுமார் 70 பிக்சல் நீளம் மறைந்துவிடும். முதல் வகைக்கு இரண்டு மூன்று சொடுக்குகள் போதும். இரண்டாம் வகைக்கு ஒரு தடுப்பு தேவை: கம்பிக்கு இரு பக்கமும் விளிம்பு தெளிவாகத் தெரியும் இரண்டு புள்ளிகளைப் பாலிகோனல் லாசோவால் இணைத்து, வானத்தின் பக்கம் தேர்வை மூடி, 0.5 பிக்சல் அளவுக்கு மென்மையாக்கி, வானத்தை மட்டும் முதலில் தீட்ட வேண்டும். பிறகு Ctrl+Shift+I அழுத்தித் தேர்வைப் புரட்டிவிட்டுச் சுவரைத் தீட்ட வேண்டும். மென்மையாக்காமல் விட்டால் அந்தத் துண்டு மட்டும் கத்தரித்து ஒட்டியதுபோல் கூர்மையாக நிற்கும்.

மாதிரிப் புள்ளியைக் கண்ணளவில் குத்துமதிப்பாக வைப்பதால் படிக்கட்டுபோன்ற பிசிறு வரும். Alt அழுத்திச் சொடுக்கும் புள்ளியும் தீட்டத் தொடங்கும் புள்ளியும் அதே விளிம்பின் மேல், அதே கோட்டில் இருக்க வேண்டும். வீதியின் தொலைவை நோக்கிச் சரிந்து செல்லும் விளிம்பானாலும், இரண்டு புள்ளிகளும் அதே கோட்டில் இருந்தால் சரிவு தானாகவே பொருந்திவிடும். எதிர்வீட்டு விளிம்பிலிருந்து எடுத்தால் பொருந்தாது. குளோன் சோர்ஸ் பலகத்தில் Show Overlay, Clipped இரண்டையும் இயக்கி வைத்தால், தீட்டுமுன்பே பிரஷ்ஷின் வட்டத்துக்குள் விளிம்பு சேர்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஓட்டுக் கூரையின் இறவாணத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: மாதிரிக்கும் இலக்குக்கும் இடையிலான தூரம் முழு ஓடுகளின் எண்ணிக்கையாக இருக்க வேண்டும், இல்லையெனில் நடுவில் அரை ஓடு முளைக்கும். தொலைவில் ஓடுகள் சிறுத்துக்கொண்டே போவதால், பக்கத்து ஓட்டிலிருந்தே எடுப்பது உத்தமம்.

இவ்வளவும் சரியாகச் செய்து, லென்ஸ் திருத்தத்தைக் கடைசிக்கு ஒத்திப்போட்டால் உழைப்பு வீணாகும். அகலக்கோண லென்ஸில் கைப்பிடிச்சுவர் உண்மையில் லேசாக வளைந்தே பதிவாகிறது. அதன்மேல் லாசோவால் நேர்கோடு போட்டால் நடுவில் சில பிக்சல்கள் விலகும், பின்னர் படத்தை நிமிர்த்தும்போது சரிசெய்த துண்டு எதிர்ப்பக்கம் வளையும். கேமரா ராவில் லென்ஸ் திருத்தத்தையும் செங்குத்துச் சாய்வையும் முடித்த பிறகே கம்பியைத் தொட வேண்டும். தீட்டுவதையும் மூலப்படத்தின் மேல் செய்யாமல் புதிய வெற்று லேயரில், Sample பட்டியலில் Current & Below தேர்ந்து செய்தால், தவறிய இடத்தை மட்டும் அழித்துத் திரும்பத் தொடங்கலாம்.

பிரஷ்ஷின் அளவு கம்பியின் தடிமனைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். படத்தைக் கூர்மையாக்கும்போது கம்பியின் இருபுறமும் வெளிறிய ஓரம் உருவாகியிருக்கும், அது மிஞ்சினால் கம்பியின் ஆவி வானத்தில் தொங்கும். சாதாரணப் பார்வையில் அது தெரியாது. மேலே ஒரு கர்வ்ஸ் லேயரைப் போட்டு மாறுபாட்டை மிகையாக ஏற்றினால், மிஞ்சிய ஓரமும் விளிம்பின் நெளிவும் ஒருசேர வெளிப்படும். பார்த்தபின் அந்த லேயரை நீக்கிவிடலாம்.

வெயிலில் எடுத்த படமானால் சுவரில் விழுந்த கம்பியின் நிழலையும் மறக்கக் கூடாது. ஜன்னல் கம்பிக்கிராதியின் முன்னால் கேபிள் கற்றையாகத் தொங்கும் இடத்தில் நகலெடுக்கச் சுத்தமான பகுதியே கிடைக்காது. அந்தக் கேபிளை வானத்தில் மட்டும் அழித்தால் அது சுவரோரம் அந்தரத்தில் முடிந்து நிற்கும் என்பதால், அதை முழுவதுமாக விட்டுவைத்து மற்றவற்றை அழிப்பதே சரி.