கேஷுவாலிட்டில ஒரே நேரத்துல கூட்டம் வந்தா: பாக்கெட்ல வச்சுக்க ஒரு கார்டு

திடீர்னு இருபது பேர் அடிபட்டு வந்து இறங்கினா கத்துறவங்ககிட்ட மொதல்ல ஓடாதீங்க, கத்துறாருன்னா மூச்சு ஓடுதுன்னு அர்த்தம். "நடக்க முடிஞ்சவங்க இந்தப் பக்கம் வாங்க"ன்னு சத்தமா சொல்லுங்க, வர்றவங்க பச்சை, அதாவது காத்திருக்கலாம். மத்தவங்களுக்கு, யாரை மொதல்ல பாக்கணும்னு நிறம் வச்சுப் பிரிக்கிற ஸ்டார்ட் முறைப்படி கார்டுல மூணே வரி எழுதி வைங்க (பெரியவங்களுக்கு மட்டும்தான், குழந்தைங்களுக்கு கணக்கு வேற).

மூச்சு நிமிஷத்துக்கு 30க்கு மேல போனா சிவப்பு, அதாவது உடனே பாக்கணும். மணிக்கட்டுல பல்ஸ் இல்லன்னா சிவப்பு. "என் கையை அமுக்குங்க"ன்னு சொல்லியும் அமுக்கலன்னா சிவப்பு. மூணும் சரியா இருந்தா மஞ்சள், அதாவது சிவப்புக்கு அடுத்து.

மூச்சே இல்லையா, தாடையை முன்னாடி தள்ளி வழி திறந்து பாருங்க, வந்தா சிவப்பு, வரலன்னா கருப்பு, அதாவது காப்பாத்த வழியில்லாதவர், அங்கயே சிபிஆர்னு நின்னுடாதீங்க, மனசு கேக்காதுதான். ரத்தம் பீச்சினா மட்டும் கட்டுப் போட்டுட்டு நகருங்க.

தொடை உடைஞ்சு அலறுறவருக்கு மூச்சு 24, பல்ஸ் இருக்கு, சொன்னா கேக்குறாரு, அவர் மஞ்சள். பக்கத்துல சத்தமே இல்லாம வெளிறிப்போய் படுத்திருக்கவருக்கு மூச்சு 36, அவர்தான் சிவப்பு.

பச்சைக் கூட்டத்தை அப்படியே மறந்துடாதீங்க, வயித்துக்குள்ள ரத்தம் கசியறவர்கூட மொதல்ல நடந்துதான் வருவாரு, அதனால பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா அங்க போய் திரும்ப மூச்சை எண்ணுங்க.