ஓரத்தில் ஒட்டிய கறுப்பு: நம்பையில் படத்தின் மேல் படம் வைக்கும்போது நேரும் தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். நவராத்திரிக்கு முன் கொலு பொம்மைகள் வாங்கி விற்பவர். அவருடைய விலைப்பட்டியலுக்குப் பைத்தானின் நம்பை நூலகத்தை வைத்துப் படங்கள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். பின்னணி வெட்டிய பொம்மைப் படத்தை வெளிர்மஞ்சள் தாளின் மேல் வைக்க வேண்டும், கீழே நிழல் விழ வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் கைக்காகிதத்தின் சொரசொரப்பு தெரிய வேண்டும். முதல் படத்தைக் காட்டியதும் அக்கா, "ஏன் தம்பி, பொம்மையைச் சுற்றி மை தீட்டினாயா?" என்றார்.

மை தீட்டியது நான்தான், ஆனால் தெரிந்து தீட்டவில்லை. பி.என்.ஜி. கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. நான்காவது ஆல்ஃபா, அதாவது எவ்வளவு மறைக்கும் என்ற அளவு. ஆல்ஃபா பூஜ்யமாக இருக்கும் பிக்சலிலும் அந்த மூன்று எண்கள் இருக்கத்தான் செய்கின்றன. பின்னணியை வெட்டிய மென்பொருள் அங்கே மூன்றையும் பூஜ்யமாக்கிவிட்டிருந்தது. அதாவது கறுப்பு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கணக்கில் சேரும்.

எங்கே சேர்ந்தது? படத்தைப் பாதி அளவாகச் சுருக்கிய இடத்தில். பொம்மையின் விளிம்பில் அடுத்தடுத்து இரண்டு பிக்சல்களை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பதன் சிவப்பு 200, ஆல்ஃபா 1. வெளியே இருப்பதன் சிவப்பு 0, ஆல்ஃபா 0. சுருக்கும்போது இரண்டுக்கும் சராசரி எடுத்தேன்: சிவப்பு 100, ஆல்ஃபா 0.5. இதைச் சிவப்பு 240 உள்ள தாளின் மேல் வைத்தால் 100 × 0.5 + 240 × 0.5 = 170. உண்மையில் வர வேண்டியது, பாதி பொம்மையும் பாதி தாளும் கலந்த 220. அந்த 50 குறைவுதான் அக்காவின் கண்ணில் மையாகப் பட்டது.

பூஜ்ய ஆல்ஃபா பிக்சலின் நிறத்துக்குச் சராசரியில் வாக்கே கொடுக்கக் கூடாது. அதற்கு, சுருக்குவதற்கோ மங்கலாக்குவதற்கோ முன்பே நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்கிவிட வேண்டும். தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை படங்களை இப்படிப் பெருக்கிய வடிவில் வைத்துத்தான் விதிகளைச் சொல்கிறது. பெருக்கிய பிறகு சராசரி எடுத்தால் சிவப்பு 100, ஆல்ஃபா 0.5, தாளின் மேல் 100 + 240 × 0.5 = 220.

```python
rgb = img[..., :3].astype(np.float32) / 255
a   = img[..., 3:].astype(np.float32) / 255
pm  = rgb * a               # பெருக்கிய நிறம்
# pm, a இரண்டையும் ஒரே முறையில் சுருக்கு; a முப்பரிமாணமாகவே இருக்கட்டும்
out = pm + paper * (1 - a)
```

இரண்டாவது வரியில் `3:` என்று எழுதியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. வெறும் `3` என்றால் ஆல்ஃபா இரு பரிமாண அணியாகிவிடும். மூன்று நிறங்களோடு பெருக்கும்போது நம்பை வடிவம் பொருந்தவில்லை என்று நின்றுவிடும்.

இந்தத் தவறுக்கு ஒரு தம்பியும் உண்டு: ஏற்கெனவே பெருக்கியதை மறுபடி பெருக்குவது. அப்போதும் ஓரம் கறுக்கும், அதனால் இரண்டையும் குழப்பிக்கொள்வோம். சந்தேகம் வந்தால் `(rgb > a).any()` என்று பாருங்கள். நிறம் எங்காவது ஆல்ஃபாவைத் தாண்டினால் படம் இன்னும் பெருக்கப்படவில்லை என்று அறியலாம். பில்லோ நூலகம் ஆர்.ஜி.பி.ஏ. படத்தைச் சுருக்கும்போது இந்தப் பெருக்கலைத் தானே செய்துகொள்கிறது. ஓப்பன்சிவியின் `cv2.resize` செய்யாது. நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அடுத்தது நிழல். நிழலை மல்டிப்ளை முறையில் இடுவது வழக்கம்: அடிப்படத்தை மேல்படத்தால் பெருக்குவது. நிழல் லேயரையும் ஒரு பி.என்.ஜி.யாகவே வைத்திருந்த நான் `paper * shadow_rgb` என்று எழுதினேன். தாள் முழுக்க அமாவாசை. அதே ஒளிந்திருந்த கறுப்பு. நிழலே இல்லாத இடங்களிலும் பூஜ்யத்தால் பெருக்கியது. மல்டிப்ளை போன்ற முறைகள் இரண்டு நிறங்களை எப்படிக் கலப்பது என்று மட்டும் சொல்கின்றன, அந்தக் கலவை எங்கே எவ்வளவு படிய வேண்டும் என்பதை ஆல்ஃபாதான் சொல்லும். தாளைப் போல முழுதும் மறைக்கும் அடிப்படத்துக்கு விடை `paper * (1 - a + a * tint)`; `tint` என்பது நிழலின் நிறம். ஆல்ஃபா பூஜ்யமானால் தாள் அப்படியே நிற்கும்.

முழுப் படமும் கறுப்பாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. `uint8` அணிகளை `a * b // 255` என்று பெருக்கினால் எண் 255ஐத் தாண்டும்போது நம்பை சத்தமில்லாமல் பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். 200 × 128 பூஜ்யமாகிவிடும். எப்படிச் சுற்றினாலும் பெருக்கல் 255ஐத் தாண்டாது, ஆகவே வகுத்தபின் மிஞ்சுவது 0 அல்லது 1. தொடக்கத்திலேயே மிதவை எண்ணாக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நிழலின் வடிவம் பொம்மையின் ஆல்ஃபாவிலிருந்தே வருகிறது: அதை மங்கலாக்கி, சற்றுக் கீழே வலப்பக்கம் நகர்த்தினால் போதும். நகர்த்த `np.roll` எளிது, ஆனால் அது ஒரு பக்கம் வெளியேறியதை மறுபக்கம் கொண்டுவந்துவிடும். வலப்பக்கம் சாய்ந்திருந்த செட்டியார் பொம்மையின் நிழல் துண்டு ஒன்று படத்தின் இடது ஓரத்தில் தனியாக நின்றதைப் பார்த்துச் சிரித்தேன், பிறகு அரை மணி நேரம் தேடினேன். முதலில் சுற்றிலும் இடம் விட வேண்டும்.

```python
m = np.pad(a[..., 0], 70)
s = gaussian_filter(m, 12)
s = np.roll(s, (18, 10), axis=(0, 1))
page = page * (1 - 0.45 * s[..., None])
```

70 எங்கிருந்து வந்தது? சைப்பையின் `gaussian_filter` இயல்பாக, மங்கலின் அளவான சிக்மாவின் நான்கு மடங்கு தூரம் வரை பரவும்; 12 × 4 = 48. நகர்வு 18ஐச் சேர்த்தால் 66. அதற்குக் குறைந்தால் நிழல் கத்தரித்தது போல நேர்க்கோட்டில் முடியும். `page`உம் இப்படிச் சுற்றிலும் இடம் விட்ட அளவிலேயே இருக்க வேண்டும். இன்னொன்று: மூன்று நிறங்களும் ஆல்ஃபாவும் சேர்ந்த அணியை அப்படியே `gaussian_filter`க்குக் கொடுத்து ஒரே சிக்மா சொன்னால், அது நிறங்களுக்கு இடையிலும் மங்கலாக்கிச் சிவப்பை நீலத்தோடு குழைத்துவிடும். சிக்மாவை `(12, 12, 0)` என்று தர வேண்டும்.

கடைசியாகக் காகிதச் சொரசொரப்பு. இதற்கு ஓவர்லே முறை. அடிப்படம் `b`, சொரசொரப்பு `t` என்றால், அடிப்படம் 0.5க்குக் கீழே இருந்தால் `2*b*t`, மேலே இருந்தால் `1-2*(1-b)*(1-t)`. சொரசொரப்பின் மதிப்பு 0.5 என்றால் படம் மாறாது. காகிதத்தை ஸ்கேன் செய்தால் சராசரி அநேகமாக 0.8 பக்கம் இருக்கும், காகிதம் வெளிர்தானே. அப்படியே ஏற்றினால் 0.4ஆக இருந்த பொம்மையின் புடவை 0.64ஆகி வெளுத்துவிடும். `t - t.mean() + 0.5` என்று மையத்துக்குக் கொண்டுவந்து 0க்கும் 1க்கும் இடையில் வெட்டிக்கொண்டால் சொரசொரப்பு மட்டும் ஏறும். நிபந்தனையை அடிப்படத்தின் மேல் வைக்க வேண்டும். தவறி `t < 0.5` என்று எழுதினால் அது ஓவர்லே அல்ல, ஹார்ட் லைட். பொம்மை பின்வாங்கி, காகிதத்தின் நார்கள் முன்னே வந்து நிற்கும்.

சேமிக்கும்போது `astype(np.uint8)` தசமத்தை அப்படியே வெட்டிவிடும் என்பதால் முதலில் 255ஆல் பெருக்கி `np.clip`, `np.rint` இரண்டையும் கடந்து அனுப்புகிறேன். அக்காவிடம் காட்டும் முன்பு, பொம்மையைத் தாளுக்குப் பதில் கண்ணைக் குத்தும் பச்சைப் பின்னணியில் ஒருமுறை வைத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுகிறேன். வெளிர்மஞ்சளில் தெரியாத மை பச்சையில் தெரிந்துவிடுகிறது.